நாள் முழுக்கச் சுழலும் டிஸ்க்: நாஸ் பெட்டிக்கு எதை வாங்குவது?

வீட்டிலோ சிறிய அலுவலகத்திலோ எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டியை நாஸ் என்கிறார்கள். இரண்டு, நான்கு, எட்டு என ஹார்டு டிஸ்குகளை அதில் பக்கம் பக்கமாகச் செருகி ரவுட்டருடன் இணைத்துவிட்டால், கைபேசி முதல் தொலைக்காட்சி வரை எல்லாமே அதிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளும். பெட்டியைப் பெரும்பாலும் டிஸ்க் இல்லாமல்தான் விற்கிறார்கள். டிஸ்க் வாங்கக் கடைக்குப் போகும்போதுதான் குழப்பம் வருகிறது. ஒரே நிறுவனம், ஒரே கொள்ளளவு, ஒரே அளவு உலோகப் பெட்டி. ஆனால் ஒன்று டெஸ்க்டாப் டிஸ்க், இன்னொன்று நாஸ் டிஸ்க் என்று ஒட்டுத்தாள் சொல்கிறது, விலையும் ஏறுகிறது.

இந்தப் பிரிவினை அதிகப் பழையதல்ல. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2012-இல் ‘ரெட்’ என்ற வரிசையைச் சிறிய நாஸ் பெட்டிகளுக்கென்றே வெளியிட்டது. மறு ஆண்டு சீகேட்டும் இறங்கியது. அதன் நாஸ் டிஸ்குகளுக்கு 2016-இலிருந்து ‘அயர்ன்உல்ஃப்’ என்று பெயர். தோஷிபாவுக்கு ‘என்300’ இருக்கிறது. அதற்கு முன்பு வீட்டு நாஸ் பெட்டிகளில் டெஸ்க்டாப் டிஸ்கைத்தான் போட்டார்கள். மாற்று என்றால் சர்வர்களுக்கான விலை உயர்ந்த டிஸ்க் மட்டுமே. ஆகவே நாஸ் டிஸ்கை முற்றிலும் வேறொரு எந்திரமாக நினைக்க வேண்டியதில்லை. சுழலும் தட்டு, அதன் மேல் மிதக்கும் ஹெட், அதை நகர்த்தும் கை ஆகியவை இரண்டிலும் ஒரே வகைதான். பக்கத்தில் இன்னொரு டிஸ்க் இருப்பதையும் இரவு பகலாக ஓடுவதையும் கணக்கில் கொண்டு அது அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. அதில் பாதிக்கு மேல் டிஸ்குக்குள் இருக்கும் ஃபர்ம்வேரில் இருக்கிறது.

வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சுழல்வேகத்தை. நிமிடத்துக்கு 5400 சுற்று, 7200 சுற்று என்ற இரண்டும்தான் வழக்கம். 7200 சுற்று ஓடும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவினாடி ஆகும். 5400 சுற்று ஓடுவதற்கு 11.1 மில்லிவினாடி. தேவையான தரவு ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும் என்பதால், காத்திருப்பு முறையே 4.2, 5.6 மில்லிவினாடி. விண்டோஸ் இயங்கும் கணினியில், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்கும் தேடும்போது இந்த ஒன்றரை மில்லிவினாடி உண்மையிலேயே உணரத்தக்கது. ஆனால் அந்த வேலையை இப்போது எஸ்எஸ்டி எடுத்துக்கொண்டுவிட்டது.

நாஸ் பெட்டியில் கணக்கு வேறு. வீட்டு நெட்வொர்க் பெரும்பாலும் ஒரு கிகாபிட் வேகம் கொண்டது. அதன் வழியே வினாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்தான் போகும். இன்றைய 5400 சுற்று டிஸ்க் ஒன்றே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது தட்டின் வெளிவிளிம்பில் இதைத் தாண்டிவிடும். நான்கு டிஸ்க் சேர்ந்து ஓடினால் தடையாக இருப்பது டிஸ்க் அல்ல, கம்பிதான். திரைப்படம் பார்க்கவும் புகைப்படங்களைச் சேமிக்கவும் 7200 சுற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களுக்கு அதன் பலன் கண்ணில் படவே படாது. பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் அலுவலகம், 2.5 அல்லது 10 கிகாபிட் நெட்வொர்க், பெட்டிக்குள்ளேயே ஓடும் தரவுத்தளம் என்றால்தான் அதற்கு நியாயம் உண்டு.

வேகத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. தட்டு வேகமாகச் சுழலச் சுழல, காற்றின் இழுவை அந்த விகிதத்தைவிட அதிகமாக ஏறும். மின்சாரமும் வெப்பமும் கூடும். இரண்டு டிஸ்குகளுக்கு இடையே நான்கு வாட் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு டிஸ்குக்கு 35 யூனிட், நான்கு டிஸ்குக்கு 140 யூனிட். அதைவிட முக்கியம் வெப்பம். கையளவு இடைவெளிகூட இல்லாமல் நெருக்கி வைத்த டிஸ்குகளில் நடுவில் இருப்பவைதான் அதிகம் சூடாகும். சிறிய நாஸ் டிஸ்குகள் பல 5400 சுற்றிலேயே நிற்பதற்கு இதுதான் காரணம். சிக்கனம் மட்டும் அல்ல.

ஒட்டுத்தாளை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இங்கேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெரிய கொள்ளளவு டிஸ்குகள் சிலவற்றில் ‘5400 ஆர்பிஎம் கிளாஸ்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. பயனர்கள் மைக் வைத்து அவற்றின் ஒலியைப் பதிவு செய்து அலைவரிசையைப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் வினாடிக்கு 90 சுற்று, ஆகவே 90 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி இருக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்ததோ 120 ஹெர்ட்ஸ், அதாவது 7200 சுற்று. ‘கிளாஸ்’ என்ற சொல் செயல்திறன் வகையைக் குறிப்பது, சுழல்வேகத்தை அல்ல என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. பெரிய டிஸ்குகள் பலவற்றில் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைக்கப்படுவதால் 7200 சுற்றிலும் வெப்பம் கட்டுக்குள் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வேகத்தோடு வருவது வெப்பம் மட்டுமல்ல, அதிர்வும்தான்.

தட்டில் தரவு வட்டத் தடங்களாக எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அங்குலத்தில் பல லட்சம் தடங்கள். அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு இடையே உள்ள தூரம் நூறு நானோமீட்டருக்கும் குறைவு. ஹெட் இந்த மெல்லிய தடத்தின் மேலேயே நிற்க வேண்டும். தடத்தில் இடையிடையே எழுதப்பட்டுள்ள அடையாளங்களைப் படித்துத் தன் இடத்தை அது தொடர்ந்து திருத்திக்கொள்கிறது. எழுதும்போது சற்றே விலகிவிட்டதாகத் தெரிந்தால், பக்கத்துத் தடத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக உடனே எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த இடம் மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்கும். ஒவ்வொரு தவறுதலுக்கும் ஒரு முழுச் சுற்று வீண். 5400 சுற்று டிஸ்கில் அது 11 மில்லிவினாடி. வினாடிக்கு இருபது முறை இப்படி நடந்தால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போய்விட்டது. தரவு கெடவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. பெட்டி மட்டும் காரணம் தெரியாமல் மந்தமாக இருக்கும்.

இந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது? முதல் காரணம் தட்டுகளின் சமநிலையில் இருக்கும் சிறு பிசகு. அதனால் எழும் விசை சுழல்வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும் என்பதால், 5400-இலிருந்து 7200-க்குப் போனால் அதே பிசகு 1.8 மடங்கு விசையைத் தரும். இரண்டாவது காரணம் கையின் அசைவு. கை ஒரு பக்கம் விசுக்கென்று திரும்பும்போது டிஸ்கின் உடல் எதிர்ப்பக்கம் முறுக்கப்படுகிறது. இந்த முறுக்கு அதிர்வு கூண்டு வழியாகப் பக்கத்து டிஸ்குக்குப் போகும். ஹெட்டைத் தடத்திலிருந்து தள்ளுவதில் மேலும் கீழுமாக ஆடும் அதிர்வைவிட இதுவே மோசமானது. காரணம், ஹெட்டைத் தாங்கும் கையும் ஓர் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. உடல் முறுக்கிக்கொண்டால் கை அதோடு சேர்ந்து திரும்பாமல் பின்தங்கும். தனி டிஸ்க் உள்ள கணினியில் இந்தத் தொல்லை அதிகம் இல்லை. நான்கு டிஸ்க் ஒரே தகரக் கூண்டில் இருந்து, ரெய்டு அமைப்பு நான்கையும் ஒரே நேரத்தில் தேட வைக்கும்போது ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் உலுக்குகிறது.

வெளி அதிர்வு டிஸ்கை எவ்வளவு பாதிக்கும் என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு காட்சி உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக் 2008-இன் கடைசியில் ஒரு காணொளி வெளியிட்டார். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அடுக்கின் முன் நின்று அவர் உரக்கக் கத்துகிறார். அந்த நொடியில் டிஸ்குகளின் பதில் தாமதம் திரையில் எகிறுகிறது. குரலே இதைச் செய்யும் என்றால், தொட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு மோட்டார் என்ன செய்யும் என்று ஊகிக்கலாம்.

நாஸ் டிஸ்குகள் இதை இரண்டு விதமாக எதிர்கொள்கின்றன. ஒன்று, தட்டுகளைத் தாங்கும் மோட்டாரின் சமநிலையை இன்னும் கவனமாகச் சரிசெய்வது. தன் அதிர்வைக் குறைப்பதால் அண்டை டிஸ்குக்கும் நன்மை. இன்னொன்று, முறுக்கு அதிர்வை உணரும் சென்சார்களைச் சுற்றுப்பலகையில் வைப்பது. பக்கத்திலிருந்து வரும் உலுக்கலை அவை முன்கூட்டியே அளந்து சொல்ல, ஹெட் விலகுவதற்குள் கை எதிர்த்திசையில் ஈடுகட்டிவிடும். கவனிக்க வேண்டியது, நாஸ் என்று பெயர் இருந்தாலே சென்சார் இருக்கும் என்பதில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலில் ‘ரெட் புரோ’வில் அது உண்டு, ‘ரெட் பிளஸ்’ சமநிலையை நம்பியே ஓடுகிறது. அதனால்தான் ரெட் பிளஸ் எட்டு டிஸ்க் உள்ள பெட்டி வரைக்கும், ரெட் புரோ 24 வரைக்கும் என்று விவரத்தாளில் எல்லை கட்டியிருக்கிறார்கள். அயர்ன்உல்ஃபுக்கும் அயர்ன்உல்ஃப் புரோவுக்கும் அதே எட்டு, அதே 24. இந்த எண்ணைப் பெரும்பாலோர் படிப்பதில்லை; உண்மையில் சுழல்வேகத்தைவிட இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அதிர்வு தொல்லை தருகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். லினக்ஸ் கட்டளை தரும் வசதியுள்ள பெட்டியில், வேறு வேலை எதுவும் ஓடாத நேரத்தில் ஒரு டிஸ்கை மட்டும் படிக்கச் செய்து வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

```
dd if=/dev/sda of=/dev/null bs=1M count=4096 iflag=direct
```

பிறகு மற்ற டிஸ்குகளிலும் அதே கட்டளையைத் தனித்தனிச் சாளரங்களில் ஒரே நேரத்தில் ஓட விட்டு, முதல் டிஸ்கின் வேகத்தை மறுபடி பார்க்க வேண்டும். லேசாகக் குறைந்தால் பரவாயில்லை. பாதியாக விழுந்தால், திருகு தளர்ந்த டிரே, ஆட்டங்காணும் மேசை, அதிர்வு அதிகமுள்ள அண்டை டிஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மலிவான பெட்டிகளில் டிஸ்க் இணைப்புகளின் வேகமே போதாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. கட்டளையில் `of` இடத்தில் தவறுதலாக டிஸ்கின் பெயரைப் போட்டால் தரவு அழிந்துவிடக்கூடும் என்பதால் எழுத்துகளைச் சரிபார்த்துவிட்டே அழுத்த வேண்டும்.

மூன்றாவது விஷயம் ஓயாத ஓட்டம். ஓர் ஆண்டுக்கு 8760 மணி நேரம். சீகேட் தன் டெஸ்க்டாப் வரிசையான பாரகுடாவின் விவரத்தாளில் ஆண்டுக்கு 2400 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. நாளுக்கு ஆறரை மணி நேரத்துக்கும் சற்றே அதிகம். எழுதவும் படிக்கவும் செய்யும் தரவுக்கும் ஓர் அளவு உண்டு: பாரகுடாவுக்கு ஆண்டுக்கு 55 டெராபைட், அயர்ன்உல்ஃபுக்கு 180. வாரண்டி இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று மாறுகிறது. 2401-ஆவது மணியில் டெஸ்க்டாப் டிஸ்க் நின்றுவிடும் என்று இதற்குப் பொருளல்ல. வெவ்வேறு பயன்பாட்டை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு அது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பல ஆண்டுகளாகச் சாதாரண டிஸ்குகளை ஆயிரக்கணக்கில் இரவு பகலாக ஓடவிட்டு, பெரும்பாலானவை தாக்குப்பிடித்ததைத் தன் புள்ளிவிவரங்களில் காட்டியிருக்கிறது. மணிக்கணக்கைப் பார்த்துப் பயப்படுவதைவிட, ஃபர்ம்வேர் என்ன பழக்கத்தோடு வருகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

அப்படியொரு பழக்கம் ஹெட்டை ஒதுக்கி வைப்பது. வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த, டெஸ்க்டாப் டிஸ்க் தன் ஹெட்டைத் தட்டை விட்டு வெளியே உள்ள சரிவில் நிறுத்திவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய ‘கிரீன்’ டிஸ்குகள் எட்டு வினாடி சும்மா இருந்தாலே இதைச் செய்தன. மேசைக் கணினியில் இது பிரச்சினை இல்லை. நாஸ் பெட்டியிலோ இயங்குதளம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பதிவை எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க் ஹெட்டை ஒதுக்கும், உடனே திரும்ப எடுக்கும், மறுபடி ஒதுக்கும். மணிக்கு 120 முறை, நாளுக்கு 2880 முறை. ஒதுக்கலின் ஆயுள் மூன்று லட்சம் என்று வரையறுக்கப்பட்ட டிஸ்க் அந்த எண்ணை 104 நாளில் எட்டிவிடும். இதைத் தள்ளிப்போட வெஸ்டர்ன் டிஜிட்டலின் `wdidle3` என்ற சிறு நிரலைப் பலர் பயன்படுத்தினார்கள். நாஸ் டிஸ்குகளில் இந்தக் காத்திருப்பு நேரம் நீளமானது. ஆயுள் எண்ணும் பெரும்பாலும் ஆறு லட்சம். கையில் இருக்கும் டிஸ்கின் நிலையை `smartctl -A /dev/sda` காட்டும்: `Load_Cycle_Count` எண்ணை `Power_On_Hours` எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு என்றால் கவலையில்லை. நூறு என்றால் அமைப்பை மாற்ற வேண்டும்.

இன்னொரு பழக்கம்தான் நாஸ் பெட்டிகளில் அதிகச் சேதத்தைச் செய்திருக்கிறது. ஓரிடத்தைப் படிக்க முடியாதபோது டெஸ்க்டாப் டிஸ்க் விடாப்பிடியாக மறுபடி மறுபடி முயலும்; ஒரு நிமிடம், அதற்கு மேலும் ஆகலாம். தரவின் ஒரே பிரதி தன்னிடம்தான் இருக்கிறது என்று அது நினைப்பதால் அந்தப் பிடிவாதம் சரியே. ரெய்டு அமைப்பில் அந்தத் தரவை மற்ற டிஸ்குகளிலிருந்து உடனே கணித்துவிடலாம். ஆகவே நாஸ் டிஸ்க் ஏறத்தாழ ஏழு வினாடியில் ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லிவிடும். பெட்டி மற்ற டிஸ்குகளைக் கொண்டு அந்தப் பகுதியைக் கணித்து, பழுதான இடத்தில் திருப்பி எழுதும். வேலை தடைபடாது.

டெஸ்க்டாப் டிஸ்கில் நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். நான்கு டிஸ்க், ரெய்டு 5, மூன்றாவது டிஸ்கில் ஒரே ஓர் இடம் மட்டும் பழுது. டிஸ்க் முயன்றுகொண்டே இருக்கிறது. லினக்ஸ் வழக்கமாக 30 வினாடி பொறுக்கும். பிறகு டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று முடிவுகட்டி இணைப்பை மீட்டமைக்கப் பார்க்கும். உள்ளே முயற்சியில் மூழ்கியிருக்கும் டிஸ்க் அதற்கும் பதில் சொல்லாது. கடைசியில் நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க் முழுவதுமே செத்துவிட்டதாகக் கருதி ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். இப்போது பாதுகாப்பு இல்லாமல் மூன்று டிஸ்க். மறுசீரமைப்பின்போது இன்னொன்றில் இதேபோல் ஒரு சிறு பழுது வந்தால் தொகுதி முழுவதும் போய்விடும். வெளியே தள்ளப்பட்ட டிஸ்கைக் கணினியில் மாட்டிச் சோதித்தால் கிட்டத்தட்டக் குறையே தெரியாது. வாங்கியவருக்குப் பெரிய புதிராக இருப்பதும் அதனால்தான். இந்த வசதி இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை:

```
smartctl -l scterc /dev/sda
```

`70 (7.0 seconds)` என்று வந்தால் சரியாக இருக்கிறது. `Disabled` என்றால் `smartctl -l scterc,70,70 /dev/sda` என்று இயக்கலாம். டெஸ்க்டாப் டிஸ்குகளில் மின்சாரம் போய் வந்தால் இது பெரும்பாலும் மறந்துவிடும் என்பதால் பெட்டி தொடங்கும்போதெல்லாம் ஓடும்படி வைக்க வேண்டும். `not supported` என்று வந்தால் டிஸ்கை மாற்ற முடியாது, இயங்குதளத்தின் பொறுமையைத்தான் கூட்ட வேண்டும்:

```
echo 180 > /sys/block/sda/device/timeout
```

வாங்கும்போது மாட்டிக்கொள்ளக்கூடிய இன்னொரு பொறி எஸ்எம்ஆர். கூரை ஓடுகளைப் போலத் தடங்களை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறும்படி எழுதி, அதே தட்டில் கூடுதல் தரவை அடைப்பது இந்த முறை. படிப்பதில் குறையில்லை. நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். ரெய்டு மறுசீரமைப்பு என்பது இடைவிடாத எழுத்து. எஸ்எம்ஆர் டிஸ்க் அங்கே திணறிவிடும். தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத பழைய முறைக்குச் சிஎம்ஆர் என்று பெயர். 4 டெராபைட் சிஎம்ஆர் டிஸ்கைச் சராசரி 120 மெகாபைட் வேகத்தில் நிரப்ப ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ‘ரெட்’ வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையுள்ள டிஸ்குகளில் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமல் புகுத்தியிருந்தது 2020 ஏப்ரலில் வெளிவந்தது. அப்போது ‘சர்வ் தி ஹோம்’ தளம் செய்த சோதனையில் அத்தகைய 4 டெராபைட் டிஸ்கின் மறுசீரமைப்பு ஒன்பது நாளைத் தாண்டியது. சிஎம்ஆர் டிஸ்குகள் ஒரு நாளுக்குள் முடித்தன. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்குகள் ‘ரெட் பிளஸ்’ என்று பிரிக்கப்பட்டன. எனவே வெறும் ‘ரெட்’ மலிவாகக் கிடைத்தால் நாஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. டெஸ்க்டாப் டிஸ்குகளிலும் 2 முதல் 8 டெராபைட் வரை எஸ்எம்ஆர் நிறையவே உண்டு. மாடல் எண்ணை நிறுவனத்தின் பட்டியலில் தேடிப் பார்ப்பதே வழி.

நான்கு டிஸ்க் பெட்டி ஒன்றை ரெய்டு 5-இல் 12 டெராபைட் இடம் வரும்படி அமைக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தேவை 4 டெராபைட் டிஸ்க் நான்கு. நெட்வொர்க் ஒரு கிகாபிட், பெட்டி இருப்பது கூடத்தில். 5400 சுற்று ஓடும், எட்டு டிஸ்க் வரை என்று எல்லை குறிக்கப்பட்ட, சிஎம்ஆர் வகை நாஸ் டிஸ்கே இங்கே பொருத்தம். ‘புரோ’ வகைக்குச் சத்தமும் வெப்பமும் கூடும். பதிலுக்குக் கிடைப்பது ஐந்தாண்டு வாரண்டி. அதே பெட்டியில் பன்னிரண்டு டிஸ்க் இருந்தால் முடிவு தலைகீழாகும். அதிர்வு சென்சார் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் டிஸ்கை வைப்பது பணத்தை மிச்சப்படுத்திய கணக்கில் சேராது.

இரண்டு டிஸ்க் பெட்டியில் ஒன்றின் நகலாக மற்றொன்று ஓடும்போது தெரிவு அவ்வளவு கறாரானது அல்ல. அதிர்வு குறைவு, கைவசம் நல்ல சிஎம்ஆர் டெஸ்க்டாப் டிஸ்க் இருந்து, பிழைக்கால வரம்பையும் ஹெட் ஒதுக்கலையும் மேலே சொன்னபடி சரிசெய்யத் தெரிந்தால் தாராளமாகப் போடலாம். ரெய்டு இல்லாமல் ஒற்றை டிஸ்காக ஓடும் பெட்டியில் டெஸ்க்டாப் டிஸ்கின் பிடிவாதமே நல்லது, ஏனென்றால் அங்கே உண்மையிலேயே வேறு பிரதி இல்லை. ஏழு வினாடியில் கைவிடும் டிஸ்க் அங்கே ஒரு புகைப்படத்தை இழக்கச் செய்யலாம். நாஸில் இருப்பதை வாரம் ஒருமுறை நகலெடுத்து அலமாரியில் பூட்டி வைக்கும் டிஸ்க் ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம்கூட ஓடாது. பக்கத்தில் அதை உலுக்க யாருமில்லை. எழுதுவதும் பெரும்பாலும் வரிசையாகத்தான். அதற்கு மலிவான எஸ்எம்ஆர் டெஸ்க்டாப் டிஸ்கே போதும்.